உடையாத கரை

சொரிமுத்துவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவன் தன் இடது காதைக் கையில் வைத்திருந்தான். முழுக்காது அல்ல, கீழ்ப்பாதி. வாழையிலைக் கிழிசலில் பொதிந்து கொண்டுவந்து ஏரல் ஆஸ்பத்திரி மேஜையில் வைத்துவிட்டு, “இதை ஒட்டிருவீங்களா கம்பவுண்டரய்யா, இல்ல தூரப் போட்டிரவா?” என்று கேட்டான். ஒட்ட முடியாது என்றேன். ஜன்னல் வழியாக வீசிவிட்டு, தையல் போடத் தலையைச் சாய்த்துக் காட்டினான்.

நான் மனுவேல். தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். முப்பத்தொன்பதில் ஏரலுக்குக் கம்பவுண்டராக வந்தேன். வந்த வருஷமே ஒன்றைத் தெரிந்துகொண்டேன். ஐப்பசி பிறந்தால் பஞ்சும் டிஞ்சரும் இரண்டு மடங்கு வாங்கிவைக்க வேண்டும். காய்ச்சலுக்காக அல்ல. ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு வருவார்கள்.

காரணத்தைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. தாமிரபரணிக்கு இரண்டு பக்கமும் மண்கரை உண்டு. வெள்ளம் ஏறி இரண்டு கரையும் தவிக்கும்போது ஒரு கரை உடைந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் பாய்ந்துவிடும், ஆற்றின் மட்டம் இறங்கும், மறுகரை பிழைத்துக்கொள்ளும். அதனால் வடகரைக்காரன் தென்கரையை வெட்டப் போவான், தென்கரைக்காரன் வடகரையை வெட்ட வருவான். வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவையில் மம்பட்டியோடு வருவார்கள். கரையில் அரைமுழ ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் கீறினால் போதும், மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். அதனால் வெள்ளக் காலத்தில் கரைக்குக் காவல் போட்டார்கள். காவலுக்கு ஒரே விதி. இரும்போடு வாரவனிடம் பேச்சு இல்லை.

இத்தனைக்கும் இவர்கள் பகையாளிகள் இல்லை, சம்பந்திகள். வடகரைப் பெண் தென்கரையில் வாழ்க்கைப்பட்டிருப்பாள், தென்கரைப் பெண் வடகரையில். தை மாதம் சீர் கொண்டுபோகிற மச்சானைக் கார்த்திகை மாதம் வெட்டுவார்கள்.

சொரிமுத்துவின் ஊர் ஏரலுக்கு மேற்கே மூன்று மைல், வடகரையில் உள்ள சேந்தன்பற்று. ஆனால் அவன் அங்கே பிறந்தவன் இல்லை. மேற்கே மலையடிவாரத்துக்காரன். தையல் போடும்போது வலி தெரியாமலிருக்க நான் ஆட்களைப் பேச வைப்பேன், அப்படித் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

அவன் பிறந்த இடத்தில் ஒரு காட்டு ஓடை மலையிடுக்கை விட்டு வெளியே வருகிறது. இடுக்குக்குள் வேகமாக வருகிற தண்ணீர் சமதரையைக் கண்டதும் நாலாபக்கமும் விரிந்து வேகம் இழந்துவிடும். சுமக்க மாட்டாததை முதலில் போடும். வாயிலேயே ஆளுயரப் பாறை, கொஞ்சம் தள்ளிக் கூழாங்கல், அப்புறம் மணல், கடைசியில் பொடிமண். முறத்தைச் சாய்த்து வைத்ததுபோல ஒரு சரிவு. அந்தக் கல்சரிவின் மேல்தான் அவன் தகப்பன் மிளகாய் போட்டிருந்தான்.

“கல்லுல எவனாவது பயிர் வைப்பானாலே?” என்று கேட்டேன்.

“கல்லுக்கு அடியில தண்ணி ஓடுதுல்லா. சித்திரையிலகூட ரெண்டாள் மட்டத்துல ஊத்து கிடைக்கும். அக்கம்பக்கத்துல வேற எங்கன கிடைக்கும்? மொளகாக்கு வேரழுகலும் கிடையாது, தண்ணி நிக்காது பாத்துக்கிடுங்க.”

“அப்ப ஏன் விட்டுட்டு வந்த?”

“ஓடை எடம் மாறிட்டு.”

ஓடை தான் போட்ட கல்லாலேயே தன் பாதையை அடைத்துக்கொள்ளும். அடைத்ததும் பள்ளமான வேறு பக்கம் பார்த்துத் திரும்பும். அவனுடைய இருபதாவது வயதில் ஒரு பிற்பகலில் அது அவர்கள் குடிசைப் பக்கம் திரும்பியது. தகப்பனைப் பாறைகளுக்கு நடுவில் கண்டெடுத்தார்கள். அடையாளம் சொல்ல இடுப்பு வெள்ளிக்கொடிதான் மிச்சம் என்றான். நான் ஊசியை நிறுத்திவிட்டேன். “தையுங்கய்யா, எறும்பு மொய்க்கி,” என்றான்.

அப்படி ஆற்றோடு கிழக்கே நடந்துவந்தவன் சேந்தன்பற்றில் கூலியாகச் சேர்ந்தான். எதிர்க்கரை ஆலடிவிளைப் பெண் முத்துக்கனியைக் கட்டினான். மாமனார் வீட்டில் அவளும் அவள் அண்ணன் கொம்பையாவும் மட்டும்தான். கொம்பையாவுக்குத் தங்கை என்றால் உயிர். சொரிமுத்து ஊரின் கிழக்குக் கடைசியில், கரை முடிகிற இடத்தில், ஒரு துண்டு நிலம் வாங்க அந்த மச்சான்தான் மாடு விற்று உதவினான். ஒன்றரை ஏக்கர். மேல்பாதியில் வாழை, கீழ்ப்பாதியில் நெல். அதைப் பற்றிப் பேசும்போது அந்த அரைக்காது மனிதனின் முகமே மாறிவிடும்.

எனக்கு ஆறவில்லை. ஒவ்வொரு கட்டுக்கும் சண்டை பிடிப்பேன்.

“மலையில தண்ணி உன் அப்பனைக் கொன்னுது. இங்க வந்து இன்னும் பெரிய தண்ணிக்குப் பக்கத்துல உக்காந்திருக்க. உனக்கெல்லாம் பட்டும் புத்தி வராதா? தெக்க தேரி கிடக்கு. செம்மண் மேடு. அங்க போய்க் குடியிருந்தா எந்த வெள்ளமும் வராது.”

“சோறும் வராது,” என்றான்.

பிறகு தானாகவே சொன்னான். ஆறு கரை மீறும்போதும் அந்த ஓடை செய்வதையேதான் செய்யுமாம். வழிந்த உடனே மணலைக் கரையோரத்தில் போட்டுவிடும். அப்படிப் போட்டுப் போட்டுத்தான் ஆற்றை ஒட்டி இயற்கையாகவே ஒரு மேடு வளர்ந்திருக்கிறது. அந்த மேட்டில் வீடு, வெற்றிலை, வாழை. மேட்டைத் தாண்டிப் போனால் தரை இறங்கும். அங்கே தண்ணீர் தேங்கி மெள்ள வடியும்போது நைசான வண்டல் படியும், அதுதான் நெல்வயல். எரு வேண்டாம், ஏர் தானாக இறங்கும்.

“எங்களுக்குத் தெரியாம இல்லய்யா. வெள்ளம் வாரது பத்து வருசத்துக்கு ஒருக்க. பசி வாரது ஒருநாளைக்கு மூணு தடவை,” என்றான்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பர்மா அரிசி நின்றுபோய் இரண்டு வருஷம். தூத்துக்குடியில் என் அக்கா இசபெல்லா கண்ட்ரோல் கடையில் புழுத்த சோளத்துக்கு விடியற்காலையிலிருந்து நிற்கிறாள். நானே மாதம் ஒருமுறை அவளுக்குச் சேந்தன்பற்று நெல்லைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த ஊர்க்காரனைப் பைத்தியக்காரன் என்று திட்டிக்கொண்டே அவன் விளைவித்ததைத் தின்றோம்.

ஆனால் ஊரார் கரையை உயர்த்த உயர்த்த நிலைமை மோசமாகிக்கொண்டு வந்தது. இதையும் அவன்தான் சொன்னான். பழையபடி ஆறு வெளியே வந்து போட வேண்டிய மணல் இப்போது இரண்டு கரைக்கும் நடுவிலேயே விழுகிறது. ஆற்றின் தரை உயருகிறது. வயலுக்கு வண்டல் வருவதில்லை, வயல் உயராமல் அப்படியே கிடக்கிறது. கரையை ஒரு முழம் ஏற்றினால் ஆறும் கொஞ்சம் ஏறுகிறது. “ஒருநாள் எங்க தலைக்கு மேல ஓடும்,” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

இனி நாற்பத்து நாலு கார்த்திகைக்கு வருகிறேன். அதற்கு முன் சேந்தன்பற்றின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்கு ‘அடைப்பு’ என்று பேர். ஆற்றுத் தண்ணீர் படித்துறை மண்டபத்தின் மூன்றாம் படியைத் தொட்டதும், தென்கரையில் பிறந்து இங்கே வாழ வந்த பெண்கள் எல்லோரையும் களத்துச் சாவடிக்குக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். எந்தக் காலத்திலோ ஒருத்தி கரையில் நின்று வெள்ளைத் துணியை ஆட்டி, காவல் எங்கே குறைச்சல் என்று அண்ணனுக்குக் காட்டிவிட்டாளாம். அன்றைக்குக் கரை வெட்டுப்பட்டுப் பதினோரு பேர் செத்தார்களாம். அதிலிருந்து இந்த ஏற்பாடு. பெண்களுக்கு வேளாவேளைக்குச் சோறு போகும், மரியாதைக் குறைவு இல்லை என்பார்கள். பூட்டு மட்டும் ஊர்த்தலைவர் ஆதிநாதன் இடுப்புச் சாவியில்.

அந்தச் சாவடி இருந்த இடம்தான் கொடுமை. வீடுகள் மேட்டில் இருந்தன. சாவடி கதிரடிக்கிற களத்தை ஒட்டிப் பள்ளத்தில், கரைக்கு நேர் அடியில் இருந்தது. அந்த இடத்தில் முன்னொரு காலத்தில் கரை உடைந்து, பாய்ந்த தண்ணீர் தோண்டிய மடு இன்னும் கிடந்தது. மடுவுக்கு அப்பால் மணல் விரிந்து கிடந்தது, வாயருகே கனமாக, போகப்போக மெல்லிசாக. சொரிமுத்து முதன்முதலில் அதைப் பார்த்தபோது, “எங்க ஊரு இங்கனயும் வந்திருக்கே,” என்றானாம். உடைந்த இடத்தில் மணலையே அள்ளிப்போட்டுக் கரையைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். மணல்கரை தண்ணீரைக் குடிக்கும்.

கார்த்திகை இரண்டாம் வாரம் மலையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் படி மறைந்தது. சாவடியில் ஏழு பெண்களை அடைத்தார்கள். முத்துக்கனி ஐந்து மாதக் கர்ப்பம். அவளை விட்டுவிடச் சொல்லி சொரிமுத்து கேட்டுப் பார்த்தான். “உனக்கு ஒரு ஞாயம், ஊருக்கு ஒரு ஞாயமா?” என்றார் ஆதிநாதன். அவருடைய சொந்த மருமகளும் உள்ளேதான் இருந்தாள். அவன் காவலுக்குப் போனான். அவனுடைய காவல் இடம் சாவடிக்குக் கொஞ்சம் மேற்கே.

மறுநாள் பகல் பத்துமணி இருக்கும். மழை. ஆற்றின் இரைச்சலில் பக்கத்து ஆள் கத்துவது கேட்காது. கரைவிளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அப்போது நடு ஆற்றில் ஒரு வாழைத்தண்டு மிதவையைப் பார்த்தான். ஒற்றை ஆள். தலையில் துணி சுற்றிக் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு வருகிறான். எதிர்க்கரையில் அவனைப் பார்த்து ஆட்கள் கல்லெறிவதுபோலத் தெரிந்தது. தண்ணீரில் மிதக்கிற எதையோ குறிபார்த்து எறிகிறார்களோ என்று நினைத்தானே தவிர, சொந்த ஆளையே ஏன் எறிகிறார்கள் என்று அவனுக்கு யோசனை போகவில்லை. யோசிக்கிற நேரமும் இல்லை. மிதவை கரையில் மோதியது. வந்தவன் ஒரு கையால் புல்லைப் பிடித்து ஏறினான். மறுகையில் அருவாள்.

சொரிமுத்து மம்பட்டியை ஓங்கி அவன் தலையில் இறக்கினான்.

அருவாள் புல்லில் விழுந்தது. சரிந்தவன் இவன் காலைப் பிடித்துக்கொண்டான். தலைத்துணி அவிழ்ந்துவிட்டது. கொம்பையா.

“மாப்ளே,” என்றான். வாயில் ரத்தம். “பனையேறிப் பாத்தேன்... சாவடிக்கு நேரா... சுழிக்கு. தங்கச்சிய...”

அவ்வளவுதான் வந்தது. பிடித்த கை நழுவியது. அவனை இழுத்துப் போடுவதற்குள் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

சுழி என்றால் ஆற்றங்கரைக்காரனுக்கு ஒரு வார்த்தையே போதும். கரையோரத் தண்ணீர் ஓரிடத்தில் சுழல்கிறது என்றால் கரைக்குள் ஓட்டை விழுந்து தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. இந்தக் கரையில் நிற்பவனுக்குப் புல்மறைவில் தெரியாது, எதிர்க்கரைப் பனையுச்சியிலிருந்து பார்த்தால் தெரியும். தென்கரைக்காரன் அதைக் கண்டால் சந்தோஷப்பட வேண்டும். வடகரை தானாகவே உடையப்போகிறது, அவர்கள் பிழைத்தார்கள். கொம்பையா சந்தோஷப்படவில்லை. தங்கை உள்ளே பூட்டிக் கிடப்பது அவனுக்குத் தெரியும். அந்த அருவாள் கரையை வெட்ட வந்ததல்ல, சாவடிக் கதவை வெட்ட வந்தது. கல்லெறிந்து தடுத்த சொந்த ஊரையும் மீறி வந்தான்.

சொரிமுத்து கரைக்கு உட்புறம் இறங்கி ஓடினான். சாவடிக்குப் பின்னால் கரையின் அடியில் ஒரு ஊற்று. கரைக்குள் கசிவு இருப்பது புதிதல்ல. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை, கரை வெறுமே வேர்க்கிறது. கலங்கல் வந்தால் கரையின் மண்ணே கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். இது கலங்கலாக, தொடை கனத்துக்குப் பொங்கிக்கொண்டிருந்தது. ஆதிநாதனும் நாலு பேரும் வைக்கோலையும் மண்ணையும் போட்டு அதை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே அமுக்க இரண்டு முழம் தள்ளிப் பொத்துக்கொண்டது.

“அமுக்காதீங்க! சுத்தி மூடை அடுக்கி உள்ள தண்ணிய நிக்க விடுங்க. தண்ணி நின்னாத்தான் மண்ணு நிக்கும்,” என்று கத்தினான். “மூடை இல்லன்னா முதல்ல சாவடியத் திறங்க!”

ஆதிநாதன் அவன் மம்பட்டியைப் பார்த்தார். “ரத்தம் என்னலே?”

“தென்கரை ஆளு ஒருத்தன். சுழி விழுந்திருக்குன்னு சொன்னான்.”

“வெட்டவந்தவன் சொன்னானாக்கும்! அவன் பேச்சக் கேட்டுப் பொம்பளையள வெளிய விடுததுக்கா நான் தலைவரு?”

“அவன் என் மச்சான்!”

“அப்ப சரிதான். மச்சானும் மாப்ளையும் முன்னாலயே பேசி வச்சிருக்கீய.”

சொரிமுத்து சாவடிக் கதவுக்குப் பாய்ந்தான். காவலுக்கு நின்ற இருவரில் ஒருவன் ஈட்டிக் காம்பால் அவன் வாயில் குத்தினான். முன்பல் இரண்டு போயிற்று. உள்ளேயிருந்து முத்துக்கனி, “என்னங்க, என்னங்க,” என்று கூப்பிட்டது மட்டும் கேட்டதாம். அவன் எழுந்து கரைமேல் ஏறிக் கிழக்கே ஓடினான்.

எங்கே ஓடினான் என்பதைச் சொல்ல வேண்டும். அரைமைல் தள்ளிக் கரையின் கிழக்குக் கடைசிக்கு, அவனுடைய சொந்த நிலத்துக்கு. ஆற்று மட்டம் இறங்கினால்தான் சாவடிக்குப் பின்னால் ஓட்டையில் அழுத்தம் குறையும். மட்டம் இறங்க எங்கேயாவது ஒரு கரை திறக்க வேண்டும். மேற்கே திறந்தால் தண்ணீர் சரிவோடு சீறி வந்து எதிர்ப்பட்டதையெல்லாம் அடித்துப் போகும். கிழக்குக் கடைசியில் திறந்தால் அது தாழ்ந்த பக்கம், வயல் வழியே பின்னோக்கி மெள்ள நிரம்பி வரும். சாவடிக்குப் போய்ச் சேரும்போது வேகம் இருக்காது, இடுப்பளவு நின்றாலும் ஆளைக் கொல்லாது. ஆனால் திறக்கிற வாய்க்கு நேர் எதிரே இருக்கிற நிலம் தொலைந்தது. மணல் முழுவதும் அங்கேதான் இறங்கும். மலையடிவாரத்தில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மச்சானைக் கொன்ற அதே மம்பட்டியால், எந்த வேலைக்கு வந்தான் என்று நினைத்து அவனைக் கொன்றானோ அதே வேலையைச் செய்தான். குறுக்கே ஒரு கீறல். தண்ணீர் ஒரு விரல் அகலத்துக்கு எட்டிப் பார்த்தது, பிறகு ஒரு முழம், பிறகு அவன் நின்ற இடமே சரிந்தது. வாழை இருநூறும் வேரோடு சாய்ந்து மிதந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கேயே அவனைப் பிடித்தார்கள்.

பிடித்தவர்கள் பதினைந்து பேர். எல்லோருக்கும் அன்றைக்குக் காலையில் வயல் இருந்தது, பத்து நாள் முன்னால் நட்ட பிசானப் பருவ நாற்று இருந்தது. இப்போது இல்லை. பர்மா அரிசியும் இல்லை. அவர்கள் கோபத்தை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் செய்ததை மன்னிக்கவும் மாட்டேன். மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போய், கரையை வெட்டின வலதுகையைக் கல்படியில் வைத்து, உலக்கையால் இடித்தார்கள். ஒரு தடவை அல்ல, ஆளுக்கு ஒரு தடவை. மழையில் முறைவைத்து நின்று இடித்தார்கள்.

சாவடியில் தண்ணீர் சாயங்காலம் இடுப்பளவு வந்தது. பெண்கள் நெல்பரணில் ஏறிக்கொண்டார்கள், ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாவடிக்குப் பின்னால் கலங்கல் குறைந்து, தெளிந்து, நின்றது. பழைய உடைப்பில் கரை நிலைத்தது.

அதுதான் அவனுக்கு வினையாகப் போயிற்று. “கரை உடையலயே! எங்கலே உடைஞ்சுது? நல்லாருந்த கரைய இந்த மலைப்பய வெட்டிட்டான்,” என்றார் ஆதிநாதன். உடைந்திருந்தால் ஏழு பிணத்தைக் காட்டி, இதற்காகத்தான் வெட்டினான் என்று சொல்லலாம். உடையாத கரைக்கு யார் சாட்சி?

நாலாம்நாள் மாட்டுவண்டியில் போட்டு ஏரலுக்குக் கொண்டுவந்தார்கள். கூட முத்துக்கனி. கை கருத்து நாறிவிட்டது. டாக்டர் மணிக்கட்டுக்கு மேலே எடுத்தார். நான்தான் பிடித்துக்கொண்டேன். மயக்க மருந்து யுத்தத்துக்குப் போய்விட்டது, எங்களிடம் இருந்தது கொஞ்சம். அது தெளிந்து வருகிற வேளையில்தான், மனைவி வெளியே இருக்க, மேலே சொன்னதையெல்லாம் எனக்குச் சொன்னான். முடித்ததும் இடதுகையால் என் சட்டையைப் பிடித்தான். “அவளுக்குத் தெரியக் கூடாதுய்யா. தெரிஞ்சா பிள்ளையோட ஆத்துல விழுந்திருவா.”

கொம்பையாவின் உடல் அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ஏரல் துறையில் ஒதுங்கியிருந்தது. அதைக் கழுவியவனும் நான்தான். தலையில் இருந்த காயத்தை ஒரு தடவை பார்த்தாலே போதும், மம்பட்டி அகலம். போலீஸ் கேட்டபோது, எதற்கு இன்னொரு ஊர்க்கலகம் என்று, “வெள்ளத்துல வந்த மரக்கட்டை அடிச்சிருக்கும்,” என்றேன். எழுதிக்கொண்டார்கள். கொலைக்கேஸ் வந்தால் காவல் போட்ட ஊருக்கும் பங்கு உண்டு என்று ஆதிநாதனும் கூட நின்ற நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை, ஆற்றிரைச்சலில் சாவடிக்குள்ளும் அந்தப் பேச்சு எட்டியிருக்கவில்லை. ஆறு கொண்டுபோனவர்கள் கணக்கில் ஒருவன் கூடினான். அந்தப் பொய்க்கு நான் இதுவரை குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை.

மறு வருஷம் சேந்தன்பற்றில் அப்படி ஒரு விளைச்சலை யாரும் கண்டதில்லை. வருஷக்கணக்காக வராத வண்டல் ஒரே வெள்ளத்தில் வந்து விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்தது. ஆதிநாதன் வயலில் கதிர் நிற்க மாட்டாமல் சாய்ந்தது. ஒருவனும் இது சொரிமுத்துவால் என்று சொல்லவில்லை. அவனுடைய ஒன்றரை ஏக்கரில் மார்பளவு மணல் கிடந்தது. உலக்கை பிடித்தவர்கள் அந்த வழியாகத்தான் அறுப்புக்குப் போனார்கள்.

அந்த மணலை முத்துக்கனி கூடை கூடையாக அள்ளி ஆற்றில் கொட்டினாள். பிள்ளை பிறந்து, அதை மணல்மேட்டில் துணி விரித்துக் கிடத்திவிட்டு அள்ளினாள். அவன் இடதுகையால் கூடையை நிரப்புவான், அவள் தலையில் ஏற்றுவாள். அள்ள முடியாத பக்கம் குழி தோண்டி வெள்ளரி போட்டார்கள். மூன்று வருஷத்தில் அரை ஏக்கருக்குப் பழைய மண் தெரிந்தது.

நாற்பத்தெட்டு புரட்டாசியில் ஒருநாள் பிற்பகல் முத்துக்கனி ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்தாள். தலையில் சும்மாட்டு வடு, கழுத்து நரம்பு புடைத்து, முப்பது வயதுக்கு ஐம்பதாகத் தெரிந்தாள். பிள்ளைக்கு மருந்தா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

“எங்க அண்ணனக் கழுவுனது நீங்கதானய்யா?”

“ஆமாம்மா.”

“தலையில பட்டது கட்டையா?”

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பஞ்சைக் கிழித்துக்கொண்டே, “கட்டைதான். வெள்ளத்துல எவ்வளவோ வரும்,” என்றேன்.

அவள் இடுப்பில் செருகியிருந்த துணிப்பொதியை எடுத்து மேஜையில் வைத்து அவிழ்த்தாள். துருவேறிய அருவாள். பிடியில் ஒரு மீன் குறி செதுக்கியிருந்தது.

“எங்க அப்பா போட்ட குறி. அண்ணன் கையை விட்டு இறங்காது. வீடு மேயுறதுக்குப் பழைய ஓலையப் பிரிச்சேன், எப்ப கரையில போயி எடுத்தாரோ, உள்ள செருகி வச்சிருக்காரு.” குரல் கொஞ்சமும் ஏறவில்லை. “அடைப்புக்குப் போறதுக்கு முன்னால அந்த மம்பட்டிய நான்தான்யா கல்லுல தேச்சுக் கூராக்கிக் கொடுத்தேன். காவலுக்குப் போறாருன்னு.”

பொய் சொன்ன வாய்க்கு வேறு என்ன வரும்? “அவன்கிட்டக் கேட்டியாம்மா?” என்றேன்.

“கேக்கல. தினமும் நான்தான் சோறு பெசஞ்சு கொடுக்கேன். கேட்டுட்டா எப்படிக் கொடுக்க?”

அருவாளைத் திரும்பப் பொதிந்து என் பக்கம் தள்ளினாள்.

“நீங்க தூத்துக்குடிக்குப் போவும்போது இதக் கடல்ல போட்டிருங்கய்யா. ஆத்துல போட்டா வெள்ளத்துல திரும்பி வந்தாலும் வரும். வீட்டுல இருந்தா நான் ஒருநா எடுத்திருவேன்.”

வாசல்வரை போனவள் வானத்தைப் பார்த்தாள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி பிறக்க நாலு நாள்தான் இருந்தது. மூன்றாம் படி மறைந்தால் அவளை மறுபடியும் அந்தச் சாவடியில்தான் பூட்டுவார்கள்.

“மழைக்கு முன்னால நாத்துப் பாவணும். அரை ஏக்கரு வெளிய வந்திட்டுல்லா,” என்று சொல்லிவிட்டு மேற்கே நடந்தாள்.

ஏன் திரும்பப் போகிறாய் என்று ஒன்பது வருஷமாக அந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் கேட்டவன் நான். அன்றைக்கு அவளைக் கேட்கவில்லை.